ஆறாவது ஸ்லைடில் கிணறு முதலில் வந்துவிட்டது

மடிப்பாக்கம் அடுக்ககக் குழு, வெள்ளிக்கிழமை இரவு

மீனாட்சி (2பி), 8:12
ராகவன் சார், ஞாயிறு கூட்டத்துக்கான மழைநீர் பவர்பாயிண்ட் கோப்பை நேற்று உங்களுக்கு அனுப்பியிருந்தேன். 14 ஸ்லைடு. எல்லாப் படங்களுக்கும், படத்துக்குப் பதிலாக உங்களுக்கு வாசிக்கப்படும் மாற்று உரையை எழுதிவிட்டேன். கேட்டுப் பார்த்தீர்களா?

ராகவன் (1ஏ), 8:20
கேட்டேன் அம்மா. முதல் ஐந்து ஸ்லைடு சிக்கலில்லை. ஆறாவதில் தொலைந்துபோனேன். என் மடிக்கணினியில் எனக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ வாசித்த வரிசை இது: செவ்வகம், கிணறு, வடிகட்டும் தொட்டி, மொட்டைமாடி, வலது அம்பு, வலது அம்பு, தெரு வடிகால், வலது அம்பு, இறங்கு குழாய், வலது அம்பு. மழை கிணற்றில் தொடங்கி மாடிக்கு ஏறுவதைப்போல இருந்தது.

மீனாட்சி, 8:22
ஐயோ. திரையில் இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தானே இருக்கிறது?

ராகவன், 8:25
திரையில் எங்கே இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. எந்தப் பெட்டியை முதலில் வரைந்தீர்களோ அதுதான் முதலில் வரும். கிணற்றை முதலில் வரைந்திருப்பீர்கள்.

மீனாட்சி, 8:26
ஆமாம் சார். கிணற்றின் படம்தான் முதலில் கையில் இருந்தது.

சுரேஷ் (3சி), 8:29
அலுவலகத்தில் இதைச் செய்திருக்கிறேன். Alt+F10 அழுத்துங்கள், Selection Pane என்ற பட்டியல் திறக்கும். அதில் மொட்டைமாடியை மேலே இழுத்துவிடுங்கள், அதன் கீழே குழாய், தொட்டி, கிணறு என்று வரிசையாக வையுங்கள். முடிந்தது.

லலிதா (ஜி1), 8:31
மீனாட்சி, எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடம்மா. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எனக்குச் சாம்பல் நிற எழுத்து தெரிவதே இல்லை.

மீனாட்சி, 8:33
போட்டுவிடுகிறேன் அத்தை. சாம்பல் எழுத்தையெல்லாம் கறுப்பாக்குகிறேன்.

மீனாட்சி, 8:44
சுரேஷ் சொன்னபடி மாற்றிக் கோப்பை மீண்டும் அனுப்பியிருக்கிறேன் சார்.

ராகவன், 8:52
இப்போது நேர்தலைகீழாக வருகிறது. கிணறு, தொட்டி, குழாய், கடைசியில் மாடி. சுரேஷ் சொன்ன இடம் சரி, திசைதான் தவறு. அந்தப் பட்டியல் கீழிருந்து மேலாக வாசிக்கப்படும். காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப்போல நினையுங்கள்: அடியில் இருக்கும் காகிதம் முதலில், மேலே இருப்பது கடைசியில். Reading Order Pane என்று இன்னொன்று இருக்கிறது. அது மட்டும் மேலிருந்து கீழாக ஓடும். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

சுரேஷ், 8:54
அப்படியா சார்! அலுவலகத்தில் நான் அனுப்பிய கோப்புகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கிறேன்.

மீனாட்சி, 9:05
சார், திருப்பினேன். ஆனால் வரிசையை மாற்றும்போது பின்னால் இருந்த நீலச் செவ்வகம் முன்னால் வந்து எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டது.

ராகவன், 9:11
வாசிக்கும் வரிசையும் அடுக்கும் வரிசையும் ஒன்றுதான் என்பதால் அப்படி ஆகிறது. நீலச் செவ்வகத்தைப் பட்டியலின் அடியிலேயே விட்டுவிடுங்கள். அதன் மாற்று உரைக் கட்டத்தில் Mark as decorative என்பதைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு அது குறுக்கே வராது. அதற்கு மேல் தலைப்பு, பிறகு மாடி, குழாய், தொட்டி, கிணறு, வடிகால்.

மீனாட்சி, 9:13
அம்புகளையும் அலங்காரம் என்று குறித்துவிடவா? வரிசை சரியாகிவிட்டால் அம்பு தேவையில்லையே.

ராகவன், 9:19
மூன்று அம்புகளுக்கு அது பொருந்தும். நான்காவதற்குப் பொருந்தாது. உங்கள் படத்தில் கிணற்றிலிருந்து வடிகாலுக்குப் போகும் அம்பு எதைச் சொல்கிறது?

மீனாட்சி, 9:21
கிணறு நிரம்பினால் மட்டும் உபரி நீர் வெளியே போகும் என்று. அதனால்தான் அதைப் புள்ளிக்கோடாகப் போட்டேன்.

ராகவன், 9:26
அந்தப் புள்ளிக்கோடு என் காதுக்கு வருவதே இல்லை. மாடி, குழாய், தொட்டி, கிணறு, வடிகால் என்று வரிசையாகக் கேட்டால், சேகரித்த நீரையெல்லாம் தெருவில் விடுகிறோம் என்றுதான் நான் புரிந்துகொள்வேன். ஒன்றுக்குப் பின் இன்னொன்று என்பதை வரிசை சொல்லும். "இப்படி ஆனால்" என்பதை அதனால் சொல்ல முடியாது. அந்த ஓர் அம்புக்கு மட்டும் மாற்று உரை எழுதி, கிணற்றுக்கும் வடிகாலுக்கும் நடுவில் வையுங்கள்: "கிணறு நிரம்பினால் மட்டும் உபரி நீர் தெரு வடிகாலுக்குப் போகும்."

வெங்கடேசன் (செயலாளர்), 9:30
எல்லாவற்றையும் ஒரே குழுவாகச் சேர்த்து, நீளமாக ஒரே விளக்கம் எழுதிவிட்டால் எளிதல்லவா?

ராகவன், 9:34
அப்படியும் செய்யலாம் வெங்கடேசன் சார். ஆனால் மாற்று உரை ஒரே மூச்சில் வந்து போய்விடும். தொட்டியில் என்ன போடுகிறோம் என்று மறுபடி கேட்க, முழு விளக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். பெட்டிகள் தனித்தனியாக இருந்தால் ஒன்றில் நிற்கலாம், பின்னால் போகலாம். ஐந்து பெட்டிக்குத் தனியாக இருப்பதே நல்லது. ஐம்பது பெட்டி என்றால் நானும் வேறு யோசனை சொல்வேன்.

மீனாட்சி, 9:36
எட்டாவது ஸ்லைடு, தண்ணீர் லாரிக் கணக்கு?

ராகவன், 9:40
"பட்டை வரைபடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்கள் ஒன்றும் கிடைக்கவில்லை.

மீனாட்சி, 9:42
படமாக ஒட்டிவிட்டேன் சார். அதுதான் காரணம். இப்படி எழுதட்டுமா: "பட்டை வரைபடம். நீலப் பட்டை 2023, பச்சைப் பட்டை 2024, மாதங்கள் கீழே, லாரிகளின் எண்ணிக்கை இடப்பக்கம்."

ராகவன், 9:47
நிறம் எனக்கு எதற்கு அம்மா? அதைப் பார்த்து நீங்கள் கூட்டத்தில் என்ன சொல்லப் போகிறீர்களோ, அதை எழுதுங்கள்.

மீனாட்சி, 9:53
"ஏப்ரல் முதல் ஜூன் வரை வாங்கிய தண்ணீர் லாரிகள்: 2023இல் 41, கிணற்றைத் தூர்வாரிய பின் 2024இல் 23. இரண்டு ஆண்டிலும் மே மாதம்தான் அதிகம்."

ராகவன், 9:55
இதுதான் வேண்டும். மாதவாரி எண்களை ஸ்லைடிலேயே சிறிய அட்டவணையாகவும் போட்டுவிடுங்கள், லலிதா அம்மாவுக்கும் பயன்படும்.

ராகவன், 9:58
இன்னொன்று. 11ஆம் ஸ்லைடில் தலைப்பு வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

வெங்கடேசன், 10:01
அது பழைய சுற்றறிக்கையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தது. பாமினி எழுத்துரு.

ராகவன், 10:04
பாமினியில் தமிழ் என்ற சொல்லே jkpo; என்றுதான் பதிவாகியிருக்கும். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தை வரைகிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தமிழ், காதுக்கு அந்த ஐந்து குறிகள். யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தால்தான் தீரும். அதைத் தலைப்புக்கான கட்டத்திலேயே போடுங்கள் மீனாட்சி. தனி உரைப்பெட்டியில் போட்டால் பெரிய எழுத்தாகத் தெரியும், ஆனால் தலைப்பு இல்லாத ஸ்லைடு என்றுதான் கணக்காகும்.

வெங்கடேசன், 10:07
நானே தட்டச்சு செய்து அனுப்புகிறேன். முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போட்டுவிடலாமா?

ராகவன், 10:10
அச்சிடும் வழியாக ஆக்காதீர்கள் சார், இவ்வளவு வேலையும் அதில் போய்விடும். சேமிக்கும்போது பிடிஎஃப் வகையைத் தேர்ந்து, Options உள்ளே Document structure tags for accessibility தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பவர்பாயிண்ட் கோப்பையும் தனியாக அனுப்புங்கள்.

லலிதா, 10:12
முதல் ஸ்லைடில் நம் கட்டிடத்தின் படம் இருக்கிறதே, அதற்கு என்ன எழுதியிருக்கிறாய்?

மீனாட்சி, 10:13
அலங்காரம் என்று குறித்துவிட்டேன் அத்தை. தகவல் ஒன்றும் இல்லையே.

லலிதா, 10:15
வாசலில் வேப்பமரம் இருந்தபோது எடுத்த படம் அது. மரம் இப்போது இல்லை. ராகவனுக்குச் சொல்ல வேண்டாமா?

சுரேஷ், 10:17
கூட்டம் மழைநீரைப் பற்றியது அத்தை. தேவையில்லாததைக் கேட்க வைத்தால் அவருக்குத்தான் நேரம் வீண்.

ராகவன், 10:21
சுரேஷ் சொல்வதுதான் பொது வழக்கம். ஆனால் அந்த மரத்தை எனக்குத் தெரியும், பார்வை இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஒரு வரி எழுதினால் நான் கேட்பேன்.

மீனாட்சி, 10:24
சரி சார். 6, 8, 11 மூன்றையும் இப்போதே திருத்தி அனுப்புகிறேன். முதல் ஸ்லைடை நாளை காலை பார்க்கிறேன்.