சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அதிர்வதுபோல் தெரிகிறது: தண்ணீர் பந்தல் திரைக்கு உதவி தேவை

செம்பருத்தி, ஜார்ஜ் டவுன்

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் எங்கள் குழு அமைக்கும் தண்ணீர் பந்தலில், 50 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வைத்து, நீர்மோர், அன்னதான நேரங்களைக் காட்ட இருக்கிறோம். அறிவிப்பை மடிக்கணினியில் நான் வடிவமைத்தேன். பின்னணி `#FF0000`, எழுத்து `#FFFFFF`. திருவிழாவுக்கு நல்ல சிவப்புதான் பொருத்தம் என்பது பெரியவர்களின் விருப்பம்.

ஒத்திகை பார்த்தபோது, எழுத்துகளின் ஓரங்கள் துடிப்பதுபோல் இருப்பதாகப் பலரும் சொன்னார்கள். நான்கு மீட்டர் தொலைவில் நின்ற ஒரு பெரியவர் "இரவு 8 மணி" என்பதை 6 மணி என்று படித்தார். மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் சில இடங்களில் மறைந்தே போகின்றன. முதலுதவி, கழிப்பறை வழிகளைக் காட்டும் பக்கத்தை `#0000FF` பின்னணியில் செய்திருந்தேன். அதிலும் இதே தொல்லை. மடிக்கணினித் திரையில் குறைவாகவும், தொலைக்காட்சியில் அதிகமாகவும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் மிக மோசமாகவும் தெரிகிறது. காரணம் என்ன, சிவப்பைக் கைவிடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

வலைத்தச்சன், பிரிக்பீல்ட்ஸ்

வணக்கம் சகோதரி. இது மாறுபாட்டு விகிதம் குறைந்ததால் வரும் சிக்கல். முழுச் சிவப்பின்மேல் வெள்ளைக்குக் கிடைக்கும் விகிதம் 4.0 மட்டுமே, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது வலைப்பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதி. எழுத்தைக் கறுப்பாக்கினால் விகிதம் 5.25 ஆகிவிடும். அவ்வளவுதான் வேலை.

பினாங்கு அச்சுக்கூடம்

எங்கள் கடையிலும் இதே குறை அடிக்கடி வரும். சிவப்பை மஜந்தா, மஞ்சள் என்ற இரண்டு மைகளால்தான் அச்சிடுகிறோம். இரண்டு தகடுகளும் இம்மியளவு விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஒரு பக்கத்தில் இளஞ்சிவப்புக் கோடும் மறுபக்கத்தில் மஞ்சள் கோடும் விழும். சிறிய எழுத்துகளின் சுழிகளை மை அடைத்துவிடும். பதாகை அடித்த கடைக்காரரிடம் தகடுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள் அம்மா.

செம்பருத்தி, ஜார்ஜ் டவுன்

ஐயா, நன்றி. இது அச்சு அல்ல, தொலைக்காட்சித் திரை. நீங்கள் சொன்னதைத் துணிப் பதாகை அடிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

வலைத்தச்சன் அண்ணா, கறுப்பு எழுத்தை இன்றே முயன்று பார்த்தேன். துடிப்பு குறைந்தது, ஆனால் எழுத்து சிவப்பில் அமிழ்ந்ததுபோல் இருப்பதாகவும் வெள்ளையே மேல் என்றும் நான்கு பேரில் மூவர் சொன்னார்கள். நீலத்தின்மேல் வெள்ளைக்கு விகிதம் 8.6 என்று கணிப்பான் காட்டுகிறது. அது விதிக்கு மிக மேலே இருக்கும்போது, அங்கே ஏன் துடிக்க வேண்டும்?

விழித்திரை, கோலாலம்பூர்

செம்பருத்தி அவர்களே, சரியான இடத்தில் கேள்வியை வைத்திருக்கிறீர்கள். அந்த விகிதம் ஒளிர்வின் அளவை மட்டும் ஒப்பிடுகிறது. எந்த நிற ஒளி எழுத்தை வரைகிறது என்பதை அது பார்ப்பதில்லை. திரைகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு விளக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பின்னணியில் சிவப்பு விளக்கு 255 என்ற முழு அளவில் எரிகிறது. வெள்ளை எழுத்திலும் அதே சிவப்பு விளக்கு அதே 255-இல்தான் எரிகிறது. ஆகவே பின்னணியிலிருந்து எழுத்துக்குள் நுழையும்போது சிவப்பு ஒளியில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. பச்சையும் நீலமும் மட்டுமே சேர்ந்து எழுத்தின் ஓரத்தை வரைகின்றன. நீலப் பக்கத்தில் இதே கதை தலைகீழாக நடக்கிறது: நீல ஒளி எங்கும் ஒரே அளவில் பரவிக் கிடக்க, சிவப்பும் பச்சையும் எழுத்தை வரைகின்றன.

இப்போது கண்ணுக்கு வருவோம். நாம் ஒரே இடத்தை உற்றுப் பார்ப்பதாக நினைத்தாலும் கண் மிக நுண்ணியதாக அசைந்துகொண்டே இருக்கிறது. முழுச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்த விழித்திரைப் பகுதி சிவப்புக்குச் சலித்துப் போயிருக்கும். கண் இம்மி அசைந்து அந்தப் பகுதியின்மேல் வெள்ளை எழுத்தின் ஓரம் வந்து விழும்போது, அந்த ஓரம் ஒரு கணம் நீலப்பச்சையாகத் தெரியும். அடுத்த அசைவில் அந்த விளிம்பு எழுத்தின் மறுபக்கத்துக்குத் தாவும். இப்படி மாறி மாறித் தோன்றும் மெல்லிய விளிம்பைத்தான் துடிப்பு என்று உணர்கிறோம். நீலத்தின்மேல் அதே விளிம்பு மஞ்சளாக வரும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கண்ணின் வில்லை எல்லா நிறங்களையும் ஒரே தளத்தில் குவிப்பதில்லை. பச்சை, மஞ்சள் ஒளி விழித்திரையில் கூர்மையாக விழும்போது நீல ஒளி அதற்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. அதனால் வெள்ளை எழுத்திலுள்ள நீலப் பங்கு எழுத்தின் எல்லையைத் தாண்டிச் சிவப்பின்மேல் மங்கலாகப் படர்ந்து, ஓரத்தை ஊதா கலந்த இளஞ்சிவப்பாகக் காட்டும். தமிழ் எழுத்துகளில் புள்ளியும் சுழியும் மிகச் சிறியவை என்பதால் இந்தப் படர்வில் முதலில் மறைவது அவைதான். உங்கள் பெரியவருக்கு 8-இன் வலப்பக்க மேல்வளைவு தெளிவாகத் தெரியாததால் அது 6 ஆகியிருக்கலாம்.

இதிலிருந்தே தீர்வும் வருகிறது. சிவப்பைக் கைவிட வேண்டாம். அதன் அளவைக் குறையுங்கள். பின்னணியை `#A61C1C` ஆக்கினால் சிவப்பு விளக்கு 166-க்கு இறங்குகிறது. எழுத்தில் அது 255-ஆகவே இருப்பதால், இப்போது மூன்று நிறங்களும் சேர்ந்தே ஓரத்தை வரைகின்றன. எழுத்தைத் தூய வெள்ளையாக விடாமல் சந்தனச் சாயல் கொண்ட `#FFF3E6` ஆக்கினால் நீல ஒளி 230-க்குக் குறைந்து படர்வும் தணியும். விகிதமும் 7-ஐ நெருங்கிவிடுகிறது.

```css
.arivippu {
  background: #A61C1C;
  color: #FFF3E6;
  font-weight: 600;
}
```

மெல்லிய எழுத்துரு வேண்டாம். அதற்காக மிகத் தடிப்பானதையும் எடுக்காதீர்கள். ண, ற போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைபட்டுவிடும்.

ஆனால் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் கூடுதலாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கண்ணின் வேலை அல்ல. `JPEG` படங்கள் பெரும்பாலும் ஒளிர்வை முழு நுணுக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துச் சேமிக்கின்றன. முகப்படங்களில் இது தெரியாது. சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் கூரிய ஓரத்தில் உடனே தெரியும். பல தொலைக்காட்சிகளும் உள்ளே வரும் படத்தின் நிறத்தை இப்படியே குறைக்கின்றன. படத்தை 400 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் அழுக்குச் சிவப்புக் கட்டங்கள் தெரிந்தால் குறை கோப்பில் இருக்கிறது. பெரிதாக்கியும் ஓரம் சுத்தமாக இருந்து, தொலைக்காட்சியில் மட்டும் கலங்கினால் குறை தொலைக்காட்சியின் அமைப்பில் இருக்கிறது. அதன் உள்ளீட்டுப் பெயரை `PC` என்று மாற்றுங்கள். `Vivid` முறையை அணைத்து, `Sharpness` அளவையும் குறையுங்கள்.

வலைத்தச்சன், பிரிக்பீல்ட்ஸ்

விகிதம் மட்டும் போதும் என்று எழுதியது தவறு என்பதை ஏற்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். சிவப்பு முன்னால் மிதப்பதுபோலவும் நீலம் உள்ளே அமிழ்வதுபோலவும் தெரிவதும் இதே காரணத்தால்தானா?

விழித்திரை, கோலாலம்பூர்

உறவினர்தான், ஆனால் வேறு. அந்த ஆழத் தோற்றம் இரண்டு கண்களிலும் நிறங்கள் சற்று வெவ்வேறு இடங்களில் விழுவதால் வருகிறது. ஒரு கண்ணை மூடினால் அது போய்விடும். ஓரத்தின் துடிப்பு ஒரு கண்ணை மூடினாலும் இருக்கும். சிலருக்கு நீலம்தான் முன்னால் வருவதுபோல் தெரியும் என்பதால், வடிவமைப்பில் அந்த ஆழத்தை நம்பி எதையும் செய்யக் கூடாது.

ஆயர் ஈத்தாம் வாசகி

எனக்குச் சிவப்பைவிட நீலம்தான் அதிகத் தொல்லை. மூக்குக்கண்ணாடி மாற்றிய பிறகு, திரையின் ஓரத்திலுள்ள வெள்ளை எழுத்துகளுக்கு ஒரு பக்கம் மஞ்சள் கோடு தெரிகிறது. பாலிகார்பனேட் வில்லை போட்டிருக்கிறேன். இதுவும் நீங்கள் பேசும் துடிப்புதானா ஐயா?

விழித்திரை, கோலாலம்பூர்

அம்மா, எழுத்தை நேராகப் பார்க்கும்படி தலையைத் திருப்பிப் பாருங்கள். கோடு மெலிந்தாலோ மறைந்தாலோ அது வில்லையால் வருவது. பாலிகார்பனேட் சாதாரண பிளாஸ்டிக் வில்லையைவிட நிறங்களை அதிகமாகப் பிரிக்கும். வில்லையின் நடுவை விட்டு விலகிப் பார்க்கும்போது அது கூடுதலாகத் தெரியும். தலையைத் திருப்பியும் மாறாவிட்டால், கண்ணாடி செய்த கடையில் வில்லையின் மையம் உங்கள் பாவைக்கு நேராக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

செம்பருத்தி, ஜார்ஜ் டவுன்

நேற்று மாலை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்தோம். நான் சேமித்த `PNG` கோப்பைப் பெரிதாக்கியபோது ஓரங்கள் சுத்தமாக இருந்தன. வாட்ஸ்அப் வழியே வந்த பிரதியில் நீங்கள் சொன்ன கட்டங்கள் அப்படியே தெரிந்தன. இனிமேல் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புவது என்று முடிவு செய்தோம். `PC` என்று மாற்றியதும் தொலைக்காட்சியில் அழுக்கு ஓரம் மறைந்தது, ஆனால் துடிப்பு எஞ்சியிருந்தது. ஒரு கண்ணை மூடியும் போகவில்லை. நிறங்களை மாற்றிய பிறகுதான் அது அடங்கியது. முதலில் பழைய சிவப்பிலேயே எழுத்தை மட்டும் சந்தன நிறமாக்கினேன், சிறிதளவே குறைந்தது. பின்னணியையும் மாற்றியபோதுதான் அதே பெரியவர் அதே இடத்தில் நின்று நேரங்களைத் தடுமாறாமல் படித்தார்.

பெரியவர்களில் ஒருவருக்கு மட்டும் இந்தச் சிவப்பு மங்கலாகப் படுகிறது. அதனால் மேலும் கீழும் எழுத்தே இல்லாத பட்டைகளாகப் பழைய சிவப்பை வைத்திருக்கிறேன். நீலப் பக்கத்தை `#1F3A7A` ஆக்கினேன். அது எனக்குச் சரியாகத் தெரிகிறது. குழுவில் இருவர் வெள்ளை எழுத்தைச் சுற்றி இன்னும் ஒளி கசிவதாகச் சொல்கிறார்கள். அதற்கு என்ன செய்யலாம்?

விழித்திரை, கோலாலம்பூர்

அந்தப் பின்னணியில் விகிதம் 10-ஐத் தாண்டிவிட்டது. கசிவு இப்போது நிறத்தால் வருவதாகத் தோன்றவில்லை. இருண்ட பரப்பில் மிகப் பிரகாசமான எழுத்து இருப்பதே காரணமாக இருக்கலாம், குறிப்பாக அந்த இருவருக்கும் கண்ணில் சிதறல் பார்வைக் குறை இருந்தால். தொலைக்காட்சியின் ஒளியளவைப் பந்தலின் இரவு வெளிச்சத்துக்கேற்பக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெளிர்நிறப் பின்னணியில் கருநீல எழுத்தாகத் திருப்பிப் போட்டு, அதே இருவரையும் படிக்கச் சொல்லி இங்கே எழுதுங்கள்.