கணக்கு முடிக்கும் பதிவுக்குத் தமிழில் என்ன பெயர்?

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். எங்கள் மாலை வகுப்பில் ஐந்தாம் படிவ மாணவர்கள் கணக்கியலை மலாயில் படிக்கிறார்கள், தேர்வும் மலாயில்தான். ஆயினும் காலமுறைச் சரக்குக் கணக்கில் ஆண்டு முடிவில் எழுதும் பதிவுகளைத் தமிழில் விளக்கும்போதுதான் சிலருக்குப் பிடிபடுகிறது. அதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கணக்கு முடிக்கும் பதிவுக்கு மலாயில் வழங்கும் 'சாத்தாத்தான் பெனுத்துப்' என்பதை 'இறுதிப் பதிவு' என்று எழுதிப் பார்த்தேன். டிசம்பர் 31-ஆம் நாள் எழுதும் எந்தப் பதிவும் இறுதிப் பதிவுதான் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

கையேட்டில் உள்ள கணக்கு இது: தொடக்கச் சரக்கு 8,000 ரிங்கிட், கொள்முதல் 42,000, கொள்முதல் திருப்பம் 2,000, விற்பனை 60,000. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்த சரக்கு 11,000.

கோலாலம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

டீச்சர், இவை எல்லாமே ஒரு கணக்கிலிருந்து வியாபாரக் கணக்குக்கு மாற்றுகிற பதிவுகள்தாம். தொடக்கச் சரக்கு, கொள்முதல், இறுதிச் சரக்கு மூன்றும் ஒரே வேலையைச் செய்வதால் 'மாற்றுப் பதிவு' என்று ஒரே பெயர் கொடுத்துவிடலாம். எளிய சொல், எல்லாருக்கும் புரியும்.

ஜார்ஜ் டவுனில் ஓய்வு பெற்ற தணிக்கையாளர் எழுதியது:

தம்பி சொல்வது கொள்முதலுக்கும் தொடக்கச் சரக்குக்கும் சரி. இறுதிச் சரக்குக்குச் சரியில்லை. மாணவர்கள் சறுக்குவதும் அங்கேதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

காலமுறையில் ஆண்டு முழுவதும் சரக்கிருப்புக் கணக்கை யாரும் தொடுவதில்லை. வாங்கியது கொள்முதல் கணக்கில் ஏறும், விற்றது விற்பனைக் கணக்கில் ஏறும். ஆகவே டிசம்பர் 31-இல் பேரேட்டில் சரக்கிருப்பு என்று நிற்பது போன ஆண்டின் 8,000-தான். அதை வியாபாரக் கணக்கில் பற்று எழுதி, சரக்கிருப்புக் கணக்கில் வரவு எழுதினால் அந்தக் கணக்கு சுழியமாகிறது. கொள்முதல் 42,000-மும் அவ்வாறே வியாபாரக் கணக்கின் பற்றுக்குப் போய்ச் சுழியமாகிறது. திருப்பம் 2,000 எதிர்ப்பக்கமாக வரவுக்குப் போகிறது. இவை பேரேட்டில் ஏற்கனவே இருந்ததை எடுத்துச் செல்லும் பதிவுகள்.

இறுதிச் சரக்கு 11,000 பேரேட்டில் எங்குமே இல்லை. கடைக்குள் போய் எண்ணி, வாங்கிய விலையில் மதிப்பிட்டுத் தாளில் குறித்த தொகை அது. இப்போது சரக்கிருப்பில் பற்று, வியாபாரக் கணக்கில் வரவு எழுதுகிறோம். ஒரு கணக்கை முடிக்கவில்லை; புதிய சொத்தைப் பேரேட்டில் ஏற்றுகிறோம். இல்லாததை எப்படி மாற்றுவது?

'மாற்றுப் பதிவு' என்று சொல்லிக்கொடுத்தால் பையன் மூன்றையும் ஒரே பக்கம் தள்ளுவான். 11,000-ஐயும் வியாபாரக் கணக்கில் பற்று எழுதினால் மொத்த இலாபம் 23,000-க்குப் பதிலாக 1,000 ஆகும். சரக்கிருப்புக் கணக்கு வரவு இருப்புக் காட்டும். சரக்கு ஒருநாளும் வரவு இருப்பாக நிற்காது என்பதால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். தொடக்கச் சரக்கை எடுக்க மறந்துவிட்டு இறுதிச் சரக்கை மட்டும் ஏற்றுவது இதைவிடக் கெட்டது. மொத்த இலாபம் 31,000 ஆகும், சரக்கு 19,000 என்று நிற்கும், ஐந்தொகையோ இரு பக்கமும் சமமாகவே வரும். எண்ணிய தாளையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய அது பிடிபடாது.

செந்தூல் மளிகைக் கடைக்காரர் எழுதியது:

ஐயா, என் கடைக் கணினியில் ஒரு பால்டின் விற்றாலே இருப்பில் ஒன்று குறைகிறது. ஆண்டு முடிவில் தொடக்கச் சரக்கை எடுக்கும் பதிவு எதையும் என் கணக்கர் எழுதியதே இல்லை. அப்படியானால் என் கணக்கு தவறா?

தணிக்கையாளர்:

தவறில்லை. உங்களுடையது தொடர்முறை. ஒவ்வொரு விற்பனையிலும் அடக்க விலை அப்போதே சரக்கிலிருந்து கழிந்துவிடுவதால் பேரேட்டில் இருப்பது இன்றைய சரக்கு. ஆண்டு முடிவில் நீங்கள் எண்ணுவது கணினி சொல்வதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான். டீச்சர் கேட்பது அதைப் பற்றியன்று.

ஆயர் ஈத்தாம் தமிழாசிரியர் எழுதியது:

மலாய்ச் சொல்லின் வேரே 'மூடு' என்பதுதான். நம்மவர் கடையை மூடுவதில்லை, சாத்துகிறார்கள். ஆகவே 'சாத்துப் பதிவு' என்று முன்மொழிகிறேன். வணிகர் கூட்டத்துக்கும் சாத்து என்று பெயர் உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவான். சரக்குச் சீட்டுக்கு வணிகர் வழங்கிய கைச்சாத்தும் இருக்கிறது. இவ்வளவு வணிக மணம் கொண்ட தமிழ்ச்சொல்லை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது?

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வணிகச் சாத்தை வடமொழியின் 'சார்த்த' என்பதிலிருந்து வந்ததாகக் கொள்வோரும் உண்டு. கதவைச் சாத்துவது வேறு சொல். இரண்டையும் ஒன்றாக்கித் தனித்தமிழ் என்று நிறுத்துவது கடினம். மேலும் கைச்சாத்து என்றதும் கையொப்பம் என்றுதான் இன்று பலருக்குத் தோன்றும்.

தமிழாசிரியர்:

வேரைப் பற்றிய கருத்தை நான் ஏற்கவில்லை; தனி மடலில் எழுதுகிறேன். சாத்து வேண்டாம் என்றால் இலக்கணத்தையாவது காப்போம். 'முடிவு' தன்வினையிலிருந்து வருவது. கணக்கு தானாக முடிந்தது போல் ஒலிக்கும். இங்கே ஒருவர் அதை முடிக்கிறார். எனவே பிறவினையாக 'முடிப்புப் பதிவு' என்பதே பொருந்தும்.

ஆசிரியை:

ஐயா, முடிப்பு என்றால் பணமுடிப்பு என்று மாணவர்கள் எண்ணமாட்டார்களா?

தணிக்கையாளர்:

ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் எண்ணமாட்டார்கள், அம்மா. எனக்கு 'முடிப்புப் பதிவு' பிடித்திருக்கிறது, ஆனால் தொடக்கச் சரக்கு, கொள்முதல், திருப்பம், விற்பனை ஆகியவற்றுக்கு மட்டும். இறுதிச் சரக்குக்குச் 'சரக்கேற்றப் பதிவு' என்று தனிப் பெயர் வையுங்கள். இன்னொன்று: 'இறுதி இருப்பு' என்று எங்கும் எழுதாதீர்கள். இருப்பு என்பது கணக்கின் மீதியையும் குறிக்கும், சரக்கையும் குறிக்கும். இந்தப் பாடத்தில் இரண்டும் ஒரே வரியில் வரும்.

மொழிபெயர்ப்பாளர்:

ஒரு ஐயம். இறுதிச் சரக்கு பேரேட்டில் இராது என்கிறீர்கள். நான் பார்த்த சில வினாத்தாள்களில் இருப்பாய்வுக்குள்ளேயே இறுதிச் சரக்கு இருந்ததே?

தணிக்கையாளர்:

நல்ல கேள்வி. அங்கே இறுதிச் சரக்கை முன்னரே கொள்முதலிலிருந்து கழித்திருப்பார்கள். அப்படி இருப்பாய்வுக்குள் வந்துவிட்டால் அதை மறுபடி வியாபாரக் கணக்கில் காட்டக்கூடாது; ஐந்தொகையில் சொத்தாக மட்டும் காட்டவேண்டும். இருப்பாய்வுக்குக் கீழே கூடுதல் தகவலாகத் தந்திருந்தால்தான் ஏற்றவேண்டும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதால் 'முடிப்புப் பதிவு' என்று அச்சிடுகிறேன். 'சரக்கேற்றப் பதிவு' அதற்குக் கீழே தனித் தலைப்பில் வரும். 31,000 வரும் அந்தப் பிழையைப் பயிற்சியாகச் சேர்த்து, எண்ணிய தாளையும் கொடுத்துத் தவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு அப்படியே இருக்கிறது. மலாய்ப் பாடத்தில் இறுதிச் சரக்கின் பதிவையும் சேர்த்து ஒரே பெயரில்தான் கேட்பார்கள். தமிழில் இரண்டு பெயர் படித்த மாணவர், தேர்வில் 'சாத்தாத்தான் பெனுத்துப்' எழுதச் சொன்னால் முதல் வகையை மட்டும் எழுதிவிட்டு 11,000-ஐ விட்டுவிடக்கூடும். கையேட்டில் அதற்கு ஒரு வரியாவது வேண்டும்.

தமிழாசிரியர்:

'சரக்கு + ஏற்றம்' லாரியில் மூட்டை ஏற்றுவதாக ஒலிக்கிறது. 'சரக்கு வரைவு' எப்படி? வரைதல் என்பதற்கு எழுதுதல் என்ற பொருளும் அளவிட்டுக் கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு நாள் இருக்கிறதல்லவா?