ராத்திரி திரும்பி வரும் மெயில்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி இலை ஆபீஸ்
எங்கள் தொழிற்சாலைக்குப் பச்சை இலை கொடுக்கும் சிறு விவசாயிகளுக்கு மாதக் கணக்கை மெயிலில் அனுப்புகிறோம். போகாமல் திரும்பி வருவதையெல்லாம் ராத்திரி 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் படிக்கும். செத்த முகவரி என்றால் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அந்த உறுப்பினர் எண்ணில் சிவப்புக் குறி போடும். மெயில் போகாதவருக்கு மெயிலிலேயே சேதி சொல்ல முடியாதே! அவர் இலை கொண்டுவரும்போது எடை போடுபவர் திரையில் குறியைப் பார்த்து, "அண்ணா, உங்க மெயில் போகலை, வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, எடைக் கொட்டகையில் பாதிப் பேருக்குச் சிவப்பு. "நேத்துகூட பேரன் போட்டோ அனுப்பினானே, எப்படிச் செத்துச்சு?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மெயில் நிறுவனத்து முகவரிகள், எல்லாவற்றிலும் இதே வரிகள்:

```
Action: failed
Status: 5.7.1
```

முகவரி இல்லை என்பதற்கு வருவது 5.1.1. இது "உன் சர்வரிடமிருந்து வாங்க மாட்டேன்" என்ற பதில். முந்தின வாரம் இணைய லைன் மாற்றியதில் எங்கள் ஐபி மாறியிருந்தது, எங்கள் பேரில் எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழையதே இருந்தது. ஸ்கிரிப்டை முன்பு எழுதிக் கொடுத்தவர் 550 என்ற பொதுவான மறுப்பு எண்ணை மட்டும் தேடியிருக்கிறார். இரண்டுக்கும் 550 வரும்.

இப்போது Status வரியைத்தான் பார்க்கிறோம். அதோடு, ஒரே ராத்திரியில் ஒரே டொமைனில் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பினால் ஸ்கிரிப்ட் யாரையும் தொடாது, எனக்கு எஸ்எம்எஸ் வரும். முகவரிகள் ஒன்றிரண்டாகத்தான் சாகும். கூட்டமாகப் போனால் கோளாறு நம் பக்கம்.

ஊட்டி ஸ்கூல் கிளார்க்
இவ்வளவு சிக்கல் எதற்கு? 5-இல் தொடங்கினால் நிரந்தரம், 4 என்றால் தற்காலிகம். 4-ஐக் கண்டுகொள்ளவே வேண்டாம். நாங்கள் பெற்றோர்களுக்கு அனுப்புவதில் அப்படித்தான் செய்கிறோம்.

குன்னூர் சர்வர்
பாதி சரி சார். 5.2.2 வந்தால் பெட்டி நிரம்பியிருக்கிறது, ஆள் இருக்கிறார். 4-லும் ஒன்று ஒளிந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் வழக்கமாக 5 நாள் முயற்சி செய்துவிட்டு, எதிர்முனை எடுக்கவே இல்லை என்றால் `Action: failed`, `Status: 4.4.1` என்று திருப்பிவிடும். மூடிப்போன கம்பெனி முகவரிகள் பல இப்படித்தான் வரும். 4 என்று தள்ளினால் ஆயுசுக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். `Action: delayed` என்றால் மட்டும் விட்டுவிடுங்கள், அது இன்னும் வரிசையில் நிற்கிறது.

கோத்தகிரிக்காரருக்கு ஒரு கேள்வி: திரும்பியது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? `Final-Recipient` வரியை நம்பினால் ஃபார்வேர்டு போட்டவர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். பழைய காலேஜ் முகவரிக்கு அனுப்புவோம், அது இன்னொரு முகவரிக்குத் தள்ளும், அங்கே செத்திருக்கும். வரும் அறிக்கையில் நம் பட்டியலிலேயே இல்லாத முகவரி இருக்கும்.

கோத்தகிரி இலை ஆபீஸ்
அனுப்பும்போதே, மெயில் போகாவிட்டால் அறிக்கை திரும்பி வரும் முகவரியான ரிட்டர்ன்-பாத்தில் உறுப்பினர் எண்ணைச் சேர்த்துவிடுகிறோம், `bounce-1187-k3x9@` என்ற மாதிரி. எந்த முகவரியிலிருந்து திரும்பினாலும் 1187 யார் என்று தெரிந்துவிடும்.

கொடைக்கானல் ஹோம்ஸ்டே
எனக்கும் தினமும் வருகிறது! நான் அனுப்பாத மெயிலெல்லாம் போகவில்லை என்று வருகிறது. யாரோ ரஷ்யாக்காரர் முகவரி. என் பாஸ்வேர்டு போய்விட்டதா? சீசன் நேரம், புக்கிங் மெயிலே கண்ணில் படவில்லை.

குன்னூர் சர்வர்
பாஸ்வேர்டு போயிருக்க வேண்டும் என்பதில்லை அக்கா. உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு யாரோ குப்பை அனுப்புகிறார்கள், திரும்புவது உங்கள் தலையில் விழுகிறது. ஆனாலும் 'அனுப்பியவை' பெட்டியை ஒருமுறை பாருங்கள். அதில் இருந்தால் கதை வேறு, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

1187-க்குப் பின்னால் இருக்கும் `k3x9` இதற்கும் உதவும். அது நம் ரகசியச் சாவியை வைத்துக் கணக்கிட்டதாக இருந்தால், பொருந்தாத அறிக்கையை ஸ்கிரிப்ட் தூக்கிப் போட்டுவிடலாம். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பொய் அறிக்கை அனுப்பி, பிடிக்காதவரைப் பட்டியலிலிருந்து கழற்றிவிடலாம்.

ஊட்டி ஸ்கூல் கிளார்க்
சரி, 5.1.1 வந்தால் ஒரே தடவையில் நிறுத்தலாம்தானே?

குன்னூர் சர்வர்
நான் நிறுத்த மாட்டேன். 2020 டிசம்பரில் ஜிமெயிலே கொஞ்ச நேரம் உயிரோடிருந்த முகவரிகளுக்கும் 5.1.1 சொன்னது. வேறு வேறு நாளில் இரண்டு முறை வந்த பிறகுதான் கை வைப்பேன்.

கோத்தகிரி இலை ஆபீஸ்
எங்களுக்கு அது ஒத்துவராது. மாதம் ஒரு மெயில்தான் போகிறது, இரண்டாவது அறிக்கைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் கணக்குத் தாள் வரவில்லை என்று வந்து நிற்பார். முதல் தடவையே குறி போட்டுக் கேட்டுவிடுகிறோம். அனுப்புவதை மட்டும் இரண்டாவதுக்குப் பிறகு நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன். வேறு யாராவது அப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்களா?