ஆடிக் காற்றில் வெளிப்புற ஒலிப்பதிவு: அனுபவம் உள்ளவர்கள் பகிரவும்

வயல்வெளி:
ஆரல்வாய்மொழி பக்கம், வரப்பில் நிற்கும் ஒரு விவசாயியின் பேட்டி. பூமில் ஷாட்கன் மைக், மைக்கோடு வந்த ஃபோம் மட்டும். காற்று வீசி அடிக்கும்போதெல்லாம் ‘தும்… தும்’ என்று அடி விழுகிறது. எடிட்டிங்கில் 100 ஹெர்ட்ஸில் லோ-கட் போட்டால் அடி குறைகிறது, ஆனால் அதே இடங்களில் குரல் கரகரக்கிறது. அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் எடுக்க வேண்டும். எதை மாற்றுவது?

நாஞ்சில்காற்று:
காற்றாலைச் சத்தம் எங்களுக்கும் பெரிய தொல்லை. முப்பந்தல் பக்கம் போனால் இறக்கை சுற்றும் ‘வுஷ், வுஷ்’ எல்லாப் பதிவிலும் வரும். நல்ல ஃபர் கவர் போட்டால் அது போய்விடுமா?

பூம்காரர்:
நாஞ்சில், நீங்கள் சொல்வது வேறு. காற்றாலையின் ‘வுஷ்’ நிஜமான ஒலி, தூரத்தில் இருந்து காற்றில் பரவி வருகிறது. எந்தக் கவரும் அதைத் தடுக்காது. அப்படித் தடுத்தால் பேச்சையும் சேர்த்துத் தடுத்துவிடும். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோவதும், காற்றாலையை மைக்கின் பக்கவாட்டில் வைப்பதும்தான் வழி.

வயல்வெளி கேட்பது மைக்கின் மேலேயே உண்டாகிற சத்தம். ஓடும் காற்று மைக்கில் மோதிச் சுழல்கிறது, அந்த அழுத்த மாற்றம் உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தை நேரடியாகத் தள்ளுகிறது. அதன் பெரும்பங்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ஷாட்கன் போன்ற திசை மைக்குகளுக்கு இது இன்னும் அதிகமாக ஏறும்.

ஃபோம் ஏன் போதவில்லை என்றால், அது மைக்கை ஒட்டியே இருக்கிறது. காற்று ஃபோமின் மேல்புறத்தில் சுழல்கிறது, படலத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இல்லாத குறைதான். ப்ளிம்ப் கூடையின் வேலையே அந்த இடைவெளியைத் தருவது. கூடைக்குள் காற்று அசையாமல் நிற்க வேண்டும், மேலே ஃபர் போட்டு ஓட்டத்தை உடைக்க வேண்டும். கூடைக்குள் ஃபோமையும் விட்டுவைக்காதீர்கள். அசையாத காற்றுக்கான இடத்தை அது நிரப்பிவிடும், ‘ஸ’, ‘ச’ ஒலிகளும் மங்கும்.

ப்ளிம்ப் போட்டும் ‘தும்’ வந்தால், கேபிள் வெளியே வரும் துளையைப் பாருங்கள். அந்தப் பக்கம் ஃபரின் ஜிப் இரண்டு விரல் அளவு திறந்திருந்தாலே போதும், காற்று உள்ளே புகுந்துவிடும். இன்னொன்று, உள்ளே கேபிள் விறைப்பாக இழுபட்டிருந்தால் கூடையின் அதிர்வெல்லாம் அதன் வழியே மைக்குக்குப் போகும். தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள். இரண்டையும் பிரித்தறிவது எளிது. காற்று இல்லாத அறைக்குள் பூமை லேசாகத் தட்டுங்கள். அப்போதும் அதே ‘தும்’ வந்தால் குற்றம் காற்றில் இல்லை.

டிஜிட்டல்ராஜா:
இவ்வளவு பாடு எதற்கு? 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்குங்கள். எவ்வளவு அடித்தாலும் கிளிப் ஆகாது, பிறகு லோ-கட் போட்டால் முடிந்தது.

எடிட்மேசை:
பாதி சரி. 32-பிட் ஃப்ளோட்டில் ரெக்கார்டர் கிளிப் ஆகாது. ஆனால் பலத்த காற்றில் மைக்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே திணறும், அதை ரெக்கார்டர் காப்பாற்ற முடியாது. சோதிக்க, அந்த இடத்தின் ஒலி அளவை எடிட்டிங்கில் நன்றாகக் குறைத்து அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முனைகள் கத்தியால் சீவியது போலத் தட்டையாகவே இருந்தால் அது மைக்கிலேயே போனது.

வயல்வெளிக்குக் கரகரப்பு வருவதும் இதனால்தான். கிளிப் ஆகும்போது கீழ்ச்சத்தத்தின் உடைசல்கள் பேச்சு இருக்கும் நடு அலைவரிசை வரை ஏறிவிடும். பிறகு 100 ஹெர்ட்ஸில் வெட்டி என்ன பயன், சேதம் மேலே அல்லவா இருக்கிறது.

ஆகவே லோ-கட்டை மைக்கிலேயே போடுங்கள். மைக்கில் ஸ்விட்ச் இல்லையென்றால் ரெக்கார்டரில். சில ரெக்கார்டர்களில் அந்த லோ-கட் டிஜிட்டலாக மாறிய பிறகுதான் வேலை செய்யும், அது கிளிப்பைத் தடுக்காது. லோ-கட்டைப் போட்ட பிறகும் உள்ளீட்டுச் சிவப்பு விளக்கு அதே போல எரிந்தால் உங்களுடையது அந்த வகை. அப்போது கெயினைக் குறைப்பது ஒன்றே வழி.

கோவை_சவுண்ட்:
ஃபர் கவரைக் கடையில் துணி வாங்கித் தைக்கலாம். ஆனால் முடியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கத் துணிதான் முக்கியம். வாயை வைத்து ஊதுங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் வர வேண்டும். பொம்மைக்குப் போடும் துணியில் பின்னால் பசை பூசியிருப்பார்கள், அதைப் போட்டால் குரல் போர்வைக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும். கடலோரம் போய்வந்தால் உப்பும் ஈரமும் ஏறி முடி திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். அலசி, காயவைத்து, சீப்பால் வாரினால்தான் மறுபடி வேலை செய்யும்.

பூம்காரர்:
இடத்தையும் மாற்றுங்கள். அங்கே அந்த மாதத்தில் காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். வயலில் பம்ப்செட் அறை இருந்தால் அதன் கிழக்குச் சுவரின் நடுப்பகுதிக்கு அவரை அழைத்து வந்து உட்கார வையுங்கள். மூலையில் மட்டும் வேண்டாம். சுவர் முனையில் காற்று வளைந்து வேகமெடுக்கும், வெட்டவெளியைவிட மோசம்.

உட்கார்ந்தால் இன்னொரு லாபம், தரையை நெருங்க நெருங்கக் காற்று வேகம் குறையும். கேமரா ஃபிரேம் அனுமதித்தால் பூமைக் கீழிருந்து, மடிக்கு மேலே, நெஞ்சு நோக்கி வையுங்கள். மேலிருந்துதான் என்றால் தலைக்கு மேல் ஒன்றரை அடிக்குள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், காற்றுச் சத்தம் அப்படியே இருக்கும்.

மேகலா_டாக்:
கீழிருந்து பூம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குரல் மார்பிலிருந்து வருவது போலக் கனத்துவிடும், பின்னணியில் வானத்துச் சத்தமெல்லாம் நேராக மைக்குக்குள். இந்த இடத்தில் நான் காலர் மைக்கையே நம்புவேன், சட்டைக்குள்ளே.

பூம்காரர்:
வேட்டி சட்டையில் கஞ்சி போட்டிருந்தால் உரசல் சத்தம் காற்றைவிடத் தொல்லை, மேகலா. இரண்டையும் தனித்தனி டிராக்கில் எடுப்பது நல்லது.

வயல்வெளி:
ஏற்கனவே எடுத்ததைக் கொஞ்சமாவது தேற்ற முடியுமா? என்னிடம் ஆடாசிட்டியும் ரீப்பரும் இருக்கின்றன.

எடிட்மேசை:
முதலில் ஒரு எச்சரிக்கை. ஆடாசிட்டியின் Noise Reduction-ஐ இதற்குப் போடாதீர்கள். அது மின்விசிறி போல மாறாமல் இருக்கும் சத்தத்துக்கானது. காற்று நொடிக்கு நொடி மாறும், அதனால் மாதிரி எடுத்தது பொருந்தாது, குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகும்.

டிராக்கை நகலெடுத்து, முழுவதற்கும் High-Pass Filter, 80 ஹெர்ட்ஸ், 24 dB. ஆண் குரலுக்கு அதற்கு மேல் ஏற்றாதீர்கள், குரல் மெலிந்துவிடும். பெண் குரலானால் 120 வரை போகலாம்.

பிறகு அடிகளை மட்டும் கவனியுங்கள். சொற்களுக்கு நடுவே விழுந்தவை சுலபம். அந்தத் துண்டை மட்டும் தேர்ந்து 300 ஹெர்ட்ஸ் வரை வெட்டுங்கள், ஓரங்களில் சிறிய ஃபேட் கொடுங்கள், இல்லையென்றால் ‘டிக்’ கேட்கும். பேச்சின் மேலேயே விழுந்தவற்றுக்கு ரீப்பரின் ReaXcomp. 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதிக்கு மட்டும் 4:1. காற்றில்லாத பேச்சில் மீட்டர் அசையக் கூடாது, அடி வரும்போது மட்டும் இறங்க வேண்டும். அந்த இடத்தில் த்ரெஷோல்டை நிறுத்துங்கள்.

கரகரப்பு உள்ள சொற்கள் தேறாது. அதே சொல் பேட்டியில் வேறெங்காவது நன்றாக வந்திருந்தால் எடுத்து ஒட்டிப் பாருங்கள்.

வயல்வெளி:
‘தண்ணி’ என்ற சொல் கெட்டிருக்கிறது, வேறு இடங்களில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒட்டினால் பின்னணி மாறுவது தெரிகிறதே?

எடிட்மேசை:
அதே இடத்தின் வெறும் பின்னணியை அடியில் தொடர்ச்சியாக ஓட்டுங்கள். அடுத்த முறை பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், மைக்கை நகர்த்தாமல், ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.