நம் வீட்டுக் குழு: குமாரின் மூன்று மூட்டை

குமார்: வங்கியில் இன்று சில்லறையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மூட்டை. நாளை மறுநாள் சரக்குக்காரருக்குக் கொடுத்த காசோலை வருகிறது, கணக்கில் பணம் இல்லை. யாராவது சொல்லுங்கள்.

மாமா: நாணயத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லவே சட்டத்தில் இடமில்லை. எழுத்தில் கேள்.

சித்தி: குமார், என் உண்டியலையும் சேர்த்துப் போடுவாயா? நிரம்பிவிட்டது

குமார்: சித்தி 🙏

பெரியப்பா: எத்தனை மணிக்குப் போனாய்?

குமார்: மதியம் மூன்று. சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

பெரியப்பா: அதுதான். முப்பது வருடம் பணக் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். மாலைக்குள் காசாளர் தன் பெட்டியைக் கணக்கோடு சரிபார்த்து மூட வேண்டும், குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், ஒருமுறை என் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அந்த நேரத்தில் கலந்து கட்டிய மூன்று மூட்டையைக் கொண்டு போய் வைத்தால் யார் கை நீட்டுவார்? கலந்துதானே வைத்திருந்தாய்?

குமார்: ஆமாம்

பெரியப்பா: மாமா சொன்னது பாதிதான் சரி. வாங்கும் கடமை உண்டா, எவ்வளவு வரை என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். கடனுக்கு இத்தனை நாணயம்தான் கொடுக்கலாம் என்ற வரம்பு வேறு, கணக்கில் போடுவது வேறு. சட்டம் பேசி வாங்க வைத்தாலும் அன்றே எண்ணி வரவு வைப்பார்கள் என்று நிச்சயம் இல்லை, உனக்கு வேண்டியது அதுதானே.

மாமா: சரி சரி, நீங்கள் சொன்னால் எல்லாம் சரிதான்

அண்ணி: 😂 ஆரம்பித்துவிட்டது

பெரியப்பா: இன்று ராத்திரி உட்கார்ந்து ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று தனித்தனியாகப் பிரி. நூறு நூறாகப் பையில் கட்டு. ஒவ்வொரு பையிலும் மதிப்பு, எண்ணிக்கை, உன் பெயர், கணக்கு எண். ஒரு பையைக் கையால் எண்ணித் தராசில் வை. அது 400 கிராம் காட்டினால் அடுத்ததும் அதையே காட்ட வேண்டும். 392 காட்டினால் இரண்டு குறைகிறது என்று அர்த்தம். கிளையிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு பையைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள், மீதியை எடை போடுவார்கள்.

குமார்: தராசா. அதை மாமா போன வருடம் வாங்கிப் போனார்.

மாமா: அது பழுது

அண்ணி: போன வாரம் நான் அதில்தான் மாவு நிறுத்தேன்

சித்தி: 😂😂

பெரியப்பா: ஒரே மதிப்பில் பழைய அச்சும் புது அச்சும் இருந்தால் எடை மாறும், கவனி. இரண்டையும் ஒரே பையில் போட்டால் எண்ணிக்கை சரியாக இருந்தும் தராசு தப்பாகக் காட்டும். அப்புறம் பை பையாகப் பிரித்து எண்ணுவார்கள், உன் காலை போய்விடும்.

குமார்: நோட்டும் இருக்கிறது. சின்ன நோட்டு, நாற்பது கட்டு இருக்கும்.

பெரியப்பா: அதை முதலில் சொல்லக் கூடாதா! நோட்டுக்குத் தனிச் சீட்டு, நாணயத்துக்குத் தனிச் சீட்டு. ஒரே சீட்டில் எழுதினால் நாணயத்தில் மூன்று குறைந்தாலும் மொத்தமும் நிற்கும். நோட்டு இயந்திரத்தில் ஓடி முடிந்ததும் வரவு வந்துவிடும், உன் காசோலை தப்பிக்கும். முகம் ஒரே பக்கம், நூறு ஒரு கட்டு. ஸ்டேப்ளர் ஊசி, ஒட்டுத்தாள் ஒட்டிய நோட்டு எதுவும் உள்ளே வேண்டாம், இயந்திரம் சிக்கிக்கொள்ளும். கிழிந்ததைத் தனியாகக் கொடு.

அண்ணி: ஒட்டுத்தாள் நோட்டையெல்லாம் நம் வீட்டிலிருந்துதானே கடைக்குத் தள்ளிவிட்டோம்

குமார்: தெரியும் அண்ணி

தம்பி: என் நண்பன் மூடிய பையைக் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் 11 குறைகிறது என்றார்கள். என்ன செய்வது?

பெரியப்பா: ஒன்றும் செய்ய முடியாது, அங்குதான் எல்லோரும் மாட்டிக்கொள்வது. மூடிய பையை வாங்கினால் எண்ணிய பிறகுதான் உறுதியான வரவு, அவர்கள் எண்ணுவதுதான் கணக்கு. முடிந்தால் எதிரில் எண்ணச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எத்தனை பை வாங்கினோம் என்று கையெழுத்து, குறைந்தால் எந்தப் பை என்று காட்டச் சொல்ல வேண்டும். பையில் பெயர் எழுதச் சொன்னது அதற்குத்தான்.

குமார்: எண்ணுவதற்குக் கட்டணம் கேட்கிறார்களாமே?

பெரியப்பா: வியாபாரக் கணக்கில் சில இடத்தில் உண்டு, ஓர் அளவைத் தாண்டினால். முன்கூட்டியே கேட்டுக்கொள். நாளை காலை கிளை திறந்ததும் தலைமைக் காசாளருக்குப் போன் செய், இத்தனை பை கொண்டு வருகிறேன், எப்போது வரலாம் என்று. அவருக்கும் பெட்டக அறையில் இடம் வேண்டும். சில்லறை கேட்டு வரும் வேறு கடைக்காரர் இருந்தால் உன் பையை அப்படியே அங்கே தள்ளிவிடுவார், சிரித்துக்கொண்டே வாங்குவார்.

சித்தி: அப்படியானால் என் உண்டியல்?

குமார்: பிரித்து வைத்துக் கொடுங்கள் சித்தி, எடுத்துக்கொள்கிறேன்

சித்தி: நானா பிரிப்பது

குமார்: இரவு யார் யார் வருகிறீர்கள்? நாலாயிரத்துக்கு மேல் இருக்கும்.

தம்பி: எனக்குப் பரீட்சை

அண்ணி: நான் வருகிறேன். தராசு வந்தால்.

மாமா: பார்க்கிறேன்