ஹாக்கியில் டிராக் ஃபிளிக் தாழ்வாகவும் வேகமாகவும் போக: உடம்பின் எடையா, ஸ்டிக்கின் வீச்சா?

கதிர்: பெனால்டி கார்னரில் நான் பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வந்து வீசும் டிராக் ஃபிளிக் வேகமாகப் போனால் மேலே எழும்பிவிடுகிறது. தாழ்த்திப் போட்டால் வேகம் இல்லை. கோலின் அடியில் இருக்கும் போர்டில் அறைகிற மாதிரி போட எடையைக் கொடுக்க வேண்டுமா, மணிக்கட்டைச் சுழற்ற வேண்டுமா?

பாண்டி: எடைதான் தம்பி. ஓடி வந்த வேகம் முழுவதையும் இடது காலில் இறக்கு, பந்து தானாகப் பறக்கும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் 10 கோல் போட்ட ஹர்மன்பிரீத்தின் உடம்பைப் பார். ஒல்லியான பையன்கள் மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் போடுவது கோல்கீப்பரின் பேடுக்கே போகிறது.

ஜெனிஃபர்: பாண்டி அண்ணே, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல ஃபிளிக் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடி வருகிறவரின் வேகம் 4 மீட்டர்தான் இருக்கும். எடையை அப்படியே முன்னால் தள்ளினால் கிடைப்பது அந்த 4 மட்டுமே. மீதி 21 சுழற்சியிலிருந்துதான் வர வேண்டும். இடது கால் நீளமாக விழுந்து உடம்பை நிறுத்துகிறது. அப்போது இடுப்பு திரும்புகிறது, அதைத் தொடர்ந்து தோள், கடைசியில் கைகள். மேல்கை பின்னால் இழுக்க, கீழ்க்கை முன்னால் தள்ள, ஸ்டிக்கின் நுனி சாட்டை மாதிரி வெட்டும். கால் நிறுத்தாவிட்டால் சாட்டைக்குப் பிடிமானமே இல்லை. அந்த அளவுக்கு எடை வேண்டும் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிலோ கணக்கு அல்ல அது. டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் காலிறுதியில் நம்ம குர்ஜித் கவுர் போட்ட ஒரே டிராக் ஃபிளிக்கில்தான் ஆஸ்திரேலியா தோற்றது.

ரவி: முதல் ஷாட் போர்டு உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதியே இருக்கிறதே? அதனால் தாழ்வாகத்தான் போட்டாக வேண்டும்.

ஜெனிஃபர்: 460 மில்லிமீட்டர் வரம்பு ஹிட்டுக்குத்தான் ரவி. ஃபிளிக்குக்கு உயர வரம்பு கிடையாது, யாருக்கும் ஆபத்தாக இல்லாமல் போனால் போதும்.

கதிர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோலுக்கு 14 மீட்டர் தள்ளிப் பந்து 25 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், கோலைத் தொட அரை நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதற்குள் புவிஈர்ப்பு அதை ஒன்றரை மீட்டர் இறக்கிவிடும். காற்றை விட்டுவிட்டால், ஏறக்குறைய 7 டிகிரியில் கிளம்பிய பந்து போர்டில் படும், 14 டிகிரியில் கிளம்பியது மேல் கம்பிக்குப் பக்கத்தில் போகும். ஏழு டிகிரி வித்தியாசம் ஸ்டிக்கின் முகம் கொஞ்சம் திறந்துகொண்டாலே வந்துவிடும். நீங்கள் வேகமாகப் போடும்போது அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வேகத்துக்காக உடம்பு நிமிர்கிறது, கைகள் பந்துக்குப் பின்னால் தங்குகின்றன, முகம் திறக்கிறது. மார்பு இடது முழங்காலுக்கு மேல் குனிந்தே இருக்கட்டும். பந்தை விடும்போது மேல்கை பந்துக்கு முன்னால் இருக்க வேண்டும், கீழ்க்கை மணிக்கட்டு பந்தின் மேலாக உருள வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், தலை எந்தக் கட்டத்தில் எழும்புகிறது என்று தெரிந்துவிடும்.

முருகேசன்: எனக்கு வேறு கதை. வளைவு கீழே தள்ளி இருக்கும் லோ-போ ஸ்டிக் வாங்கிய பிறகு இழுக்கும்போதே பந்து துள்ளுகிறது. நடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம். வளைவு 25 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

ஜெனிஃபர்: அந்தச் சத்தம் வந்தால் பந்து ஸ்டிக்கை விட்டுவிட்டு மறுபடி மோதுகிறது என்று அர்த்தம். ஒட்டியிருக்கும் தூரம் குறைந்தால் வேகமும் போகும், திசையும் போகும். பெரும்பாலும் பந்தை முன்னாலேயே எடுப்பதால் வருவது. வலது கால் இடது காலுக்குப் பின்னால் குறுக்கே விழும் நேரத்தில் பந்து உடம்புக்குப் பின்னால், வலது பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். அங்கே ஸ்டிக்கின் தண்டில் ஏற்றினால் அது உருண்டு ஹூக்குக்கு வந்து கிளம்ப இடம் கிடைக்கும்.

பாண்டி: குனிந்து போடச் சொல்கிறீர்கள். ஃபிளிக்கைத் தடுக்கக் கோலிலிருந்து ஓடி வரும் ரன்னர் நேராக மேலே விழுந்து வருகிறானே? நெஞ்சுக்குக் கீழே போகிற ஃபிளிக் எல்லாம் அவன் ஸ்டிக்கிலோ காலிலோ பட்டுத்தான் நிற்கும். ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவின் பெய்லாட் 11 கோல் போட்டதெல்லாம் தாழ்வாகவா?

ஜெனிஃபர்: எல்லாம் தாழ்வாக இல்லைதான். காலில் பட்டால் பெரும்பாலும் இன்னொரு கார்னர் கிடைக்கும். ஆனால் ரன்னர் நேர்க்கோட்டில் வந்தால் நானும் உயரமாகத்தான் போடுவேன். கீப்பர் சீக்கிரமே தரையில் படுத்துவிடுகிறவர் என்றாலும் அப்படித்தான்.

கதிர்: வீடியோ எடுத்துப் பார்த்தேன் அக்கா. இடது கால் விழுவதற்கு முன்பே என் தோள் திரும்பிவிடுகிறது. முதலில் சரிசெய்ய வேண்டியது அதுவா, கையா?

ஜெனிஃபர்: கால். ஓட்டம் இல்லாமல், நின்ற இடத்தில் ஒரே ஒரு குறுக்கு அடி வைத்து, கால் ஊன்றிய பிறகு தோளைத் திருப்பிப் பழகுங்கள். கையை இப்போது தொட வேண்டாம்.

பாண்டி: நான் சொன்னதும் அதே இடது கால்தானே!