முதல் வேலை: பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா?

புதுமுகம்: ரெண்டு ஆஃபர் இருக்கு. பெரிய கம்பெனியில் பில்லிங் ரிப்போர்ட்டை டெஸ்ட் பண்ற வேலை மட்டும். எட்டு பேர் இருக்கிற கம்பெனியில் கோடிங், டேட்டாபேஸ், சர்வர், கஸ்டமர் போன்னு எல்லாமே. எதில் சேரலாம்?

செழியன்: சின்ன கம்பெனிதான், யோசிக்கவே வேண்டாம். முதல் வாரமே புரொடக்‌ஷன் பாஸ்வேர்ட் கைக்கு வந்துடும். பெரிய இடத்துல ரெண்டு வருஷம் ஆனாலும் அதைக் கண்ணால பார்க்க முடியாது.

மாறன்: முதல் வாரமே புரொடக்‌ஷன் பாஸ்வேர்டா? இதைப் பெருமையா வேற சொல்றீங்க. நான் இருந்த சின்ன கம்பெனியில் புதுசா சேர்ந்த பையன் ஒரே ஒரு ஆர்டரை ரத்து பண்ண இப்படி அடிச்சான்:

```
UPDATE orders SET status='cancelled';
```

WHERE இல்லை. எல்லா ஆர்டரும் ரத்து. தினமும் ராத்திரி பேக்கப் ஓடிட்டுதான் இருந்தது, ஆனா அதை ரீஸ்டோர் பண்ணி யாரும் பார்த்ததே இல்லை. திறந்தா பாதி ஃபைல்தான் இருக்கு. கஸ்டமருக்குப் போன மெயிலை வெச்சு ஒவ்வொரு ஆர்டரா திருத்தினோம்.

செழியன்: அந்தப் பையன் ஜென்மத்துக்கும் WHERE-ஐ மறக்க மாட்டான். அதுதான் அனுபவம்.

மாறன்: WHERE-ஐ மறக்க மாட்டான், சரி. முதல்ல அதே நிபந்தனையோட SELECT போட்டு எத்தனை வரிசை வருதுன்னு பார்க்கணும். BEGIN போட்டுட்டு UPDATE ஓட்டணும். எண்ணிக்கை ஒத்துப்போனா COMMIT, இல்லைன்னா ROLLBACK. இதை அவனுக்கு யார் சொல்லித் தந்தா? பெரிய இடத்துல ரெண்டு பேர் படிச்சுப் பார்க்காம ஒரு வரிகூட லைவுக்குப் போகாது. அப்படி அடுத்தவங்க திருத்தித் திருத்தித்தான் கை பழகும்.

கவிதா: பெரிய கம்பெனின்னா லீவு கிடைக்கும்னு நம்பாதீங்க. எனக்கு மாசக் கடைசியில் ஒருநாள்கூடக் கிடைச்சதில்லை.

மாறன்: லீவைப் பத்தி இங்க யாரும் கேக்கலைம்மா.

செழியன்: அடுத்த இன்டர்வியூல "நீ சொந்தமா என்ன முடிவெடுத்தே"ன்னு கேப்பாங்க. ரிப்போர்ட்ல ஒரு column-ஐச் சரிபார்த்தேன்னு சொல்லுவாரா? பாஸ்வேர்ட் கையில இருந்தாத்தான் பொறுப்பு வரும்.

மாறன்: திரும்பவும் பாஸ்வேர்ட்! போன மாசம் டெஸ்டிங் எல்லாம் ஒரு வேலையான்னு எழுதினவர்தானே நீங்க? டெஸ்ட் பண்றவங்க அன்னிக்கே பதில் கேட்டாங்க, இன்னும் சொல்லலை.

செழியன்: அதை ஏன் இங்க இழுக்கறீங்க? உங்க பையன் பண்ணின தப்புக்கு சின்ன கம்பெனி எல்லாமே மோசமா?

மாறன்: பையன் தப்பில்லைங்க, பாஸ்வேர்டைக் கொடுத்தவர் தப்பு. புதுமுகம் தம்பி, அந்த எட்டு பேர் கம்பெனியில் ரெண்டே கேள்வி கேளுங்க. என் கோடை லைவுக்கு முன்னாடி யார் படிப்பாங்க? பேக்கப்பை கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?

புதுமுகம்: கேட்டேன் சார். டெவலப்பர் ஒரே ஒருத்தர்தானாம், அவரும் அடுத்த மாசம் போறாராம். பேக்கப் அவருக்குத்தான் தெரியுமாம்.

செழியன்: அப்போ முழுப் பொறுப்பும் உங்களுக்குத்தான். இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

மாறன்: இதையும் வாய்ப்புன்னு சொல்றீங்க பாருங்க. சொல்லித் தர ஆளே இல்லாத இடத்துல அந்த பாஸ்வேர்டை வெச்சு அவர் என்ன கத்துக்குவார்?